களி உருண்டையில் இருந்து சிவப்பணு வரை: ஒரு குளுக்கோஸ் மூலக்கூறைப் பின்தொடர்ந்த மாணவி

தர்மபுரியில் ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பில் உயிர்வேதியியல் எடுக்கிறேன். உள்தேர்வு ஒன்றில் நான் கேட்டிருந்த கேள்வி இது: இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருக்கும் ஒருவருடைய ரத்தச் சர்க்கரை காலை வரை குறையாமல் இருப்பது எதனால்? பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து வரும் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தார்: "கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைக்கோஜன் இருக்கிறது, தசைகளில் சுமார் 400 கிராம் இருக்கிறது. தசையில் அதிகம் இருப்பதால் தசைதான் ரத்தத்துக்குக் குளுக்கோஸ் கொடுக்கிறது."

கிளைக்கோஜன் என்பது உடம்பு குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்துச் சேமித்து வைக்கும் வடிவம். அளவுகள் இரண்டும் சரி. முடிவு தப்பு. கண்ணை மூடிக்கொண்டு எழுதிய பதில் இல்லை இது, யோசித்து எழுதிய பதில். அதனால்தான் இதை அப்படியே சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளையும் நொதிகளின் பெயரோடு வரிசை மாறாமல் எழுதக்கூடியவர் அவர். அப்படிப்பட்டவருக்கு எது பிடிபடவில்லை என்று பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு வெள்ளைத் தாளில் மனித உடலின் வெளிக்கோடு மட்டும் வரைந்து கொடுத்து, "உனக்குத் தெரிஞ்ச நொதியெல்லாம் எங்கெங்க இருக்குன்னு குறிம்மா" என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வயிற்றுப் பக்கம் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் 'செல்' என்று எழுதி, எல்லா நொதிகளையும் அதற்குள்ளேயே அடுக்கிவிட்டார். காரணம் அங்கே தெரிந்துவிட்டது. சுவரில் மாட்டும் வளர்சிதைமாற்ற வரைபடத்தில் எல்லாப் பாதைகளும் ஒரே தாளில் இருக்கும். எந்தப் பாதை எந்த உறுப்பில் நடக்கிறது, எது எந்த உறுப்பில் இல்லை என்பதை அந்த வரைபடம் சொல்வதே இல்லை. மனப்பாடம் செய்கிறவர் மனதில் எல்லா நொதிகளும் எல்லாச் செல்களிலும் இருப்பது போலப் பதிந்துவிடுகிறது. அப்படி ஒரு உடம்பில் தசை ரத்தத்துக்குக் குளுக்கோஸ் கொடுப்பது நியாயமான முடிவுதான்.

அதனால் வரைபடத்தை ஓரம் வைத்துவிட்டு, அவர் அன்று காலை சாப்பிட்ட சாப்பாட்டில் இருந்து ஒரே ஒரு குளுக்கோஸை எடுத்துப் பின்தொடர முடிவு செய்தோம். ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இப்போது எந்த உறுப்பில், எந்தச் செல்லில் நிற்கிறது? எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது? வந்த வழியே வெளியே போக முடியுமா? உறுப்பின் பெயரைச் சொல்லாமல் நொதியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது கூடுதல் நிபந்தனை.

வாயில் தொடங்கி போர்ட்டல் சிரை வரை

காலையில் ராகிக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டதாகச் சொன்னார். ராகி மாவில் பெரும்பங்கு ஸ்டார்ச். நம்முடைய குளுக்கோஸ் அந்த ஸ்டார்ச் சங்கிலியில் ஆயிரக்கணக்கான குளுக்கோஸ்களோடு கோக்கப்பட்டிருக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் மாவைப் போட்டுக் கிண்டும்போது ஸ்டார்ச் மணிகள் தண்ணீரை உறிஞ்சி ஊதி, உள்ளே இறுகியிருந்த சங்கிலிகள் தளர்கின்றன. பச்சை ஸ்டார்ச்சை நொதிகள் மெதுவாகத்தான் வெட்டும். வெந்த ஸ்டார்ச்சை வேகமாக வெட்டும். இந்த ஒரு தகவல் பின்னால் ஒரு குழந்தையின் சிகிச்சையில் திரும்ப வரும்.

"வாயில எச்சில் அமிலேஸ் வெட்டும்" என்று தொடங்கினார். உடனே அவரே நிறுத்தி, "மேடம், களியை நாங்க மெல்ல மாட்டோமே, உருட்டி முழுங்கிடுவோம். அப்போ வாயில வேலையே நடக்காதா?" என்றார். பாடப் புத்தகத்தில் இந்தக் கேள்வி வராது, ஆனால் நல்ல கேள்வி. வாயில் மெல்லாமல் விழுங்கினால் எச்சில் அமிலேஸுக்குக் கிடைக்கும் நேரம் குறைவுதான். மென்றாலும் இரைப்பையின் அமிலம் கலந்ததும் அந்த நொதி செயலிழந்துவிடும். ஸ்டார்ச்சை வெட்டும் பெரிய வேலை சிறுகுடலின் தொடக்கத்தில், கணையத்தில் இருந்து வரும் அமிலேஸால் நடக்கிறது. ஆகவே முழுங்கினாலும் களி செரிக்கும்.

கணைய அமிலேஸ் தனிக் குளுக்கோஸை விடுவிப்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த மால்ட்டோஸ், மூன்று சேர்ந்த மால்ட்டோட்ரையோஸ், கிளைப் பகுதிகளோடு கூடிய சின்னத் துண்டுகள், இவைதான் அதன் கையில் இருந்து வரும். கடைசி வெட்டு சிறுகுடல் செல்லின் மேற்பரப்பிலேயே ஒட்டியிருக்கும் நொதிகளால் நடக்கிறது. நம்முடைய குளுக்கோஸ் முதல்முறையாகத் தனியாக நிற்பது அங்கேதான், உள்ளே நுழையும் வாசலுக்கு அருகிலேயே.

அந்த வாசலின் பெயர் எஸ்.ஜி.எல்.டி.-1. அது குளுக்கோஸைத் தனியாக உள்ளே விடாது, கூடவே இரண்டு சோடியம் அயனிகள் வர வேண்டும். செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாக இருப்பதால் சோடியம் உள்ளே பாயத் துடிக்கிறது, அந்த வேகத்தில் குளுக்கோஸும் இழுபட்டு வருகிறது. சோடியத்தைக் குறைவாக வைத்திருப்பது செல்லின் பின்பக்கம் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப், அதற்குத்தான் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. செலவாகிறது. வயிற்றுப்போக்கில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சம அளவில் இருப்பது இந்த வாசலை நம்பித்தான். காலராவிலும் இந்த வாசல் கெடுவதில்லை.

செல்லின் பின்பக்கம் குளூட்-2 என்ற வாசல் வழியாகக் குளுக்கோஸ் வெளியேறி போர்ட்டல் சிரைக்கு வருகிறது. இங்கே நான் நிறுத்தி, அடுத்து இதயமா என்று கேட்டேன். "ஆமா" என்றார். இல்லை. குடலில் இருந்து கிளம்பிய ரத்தம் இதயத்துக்குப் போகும் முன் கல்லீரலைக் கடந்தாக வேண்டும். சாப்பிட்ட குளுக்கோஸ் உடம்பின் மற்ற பாகங்களுக்குப் போகும் முன்பே அதில் கை வைக்கும் வாய்ப்பு கல்லீரலுக்கு இருக்கிறது.

கல்லீரலின் நொதி ஏன் மந்தமாக இருக்க வேண்டும்

இந்த இடத்தில்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம்.

செல்லுக்குள் வந்த குளுக்கோஸுக்கு முதலில் நடப்பது ஒரு பாஸ்பேட் மாட்டப்படுவது. பெரும்பாலான செல்களில் இந்த வேலையை ஹெக்ஸோகைனேஸ் செய்கிறது, கல்லீரலில் குளுக்கோகைனேஸ் செய்கிறது. மாணவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். ஏன் இரண்டு என்று கேட்டால் பதில் வராது.

எண்களை எடுத்துக்கொள்ளலாம். சாப்பிடாதபோது ரத்தத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லிமோல், அதாவது 90 மி.கி./டெ.லி. ஹெக்ஸோகைனேஸ் பாதி வேகத்தை எட்ட 0.1 மில்லிமோலுக்கும் குறைவான குளுக்கோஸ் போதும். ஆக மூளையிலும் சிவப்பணுவிலும் அது எப்போதும் கிட்டத்தட்ட முழு வேகத்தில்தான் ஓடுகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் குளுக்கோஸ் இரண்டு மடங்கானாலும் அதற்குக் கூடுதலாகச் செய்ய ஒன்றுமில்லை. குளுக்கோகைனேஸோ பாதி வேகத்தை எட்டவே சுமார் 8 மில்லிமோல் தேவை. காலியான வயிற்றில் மெதுவாக ஓடும். களி சாப்பிட்டு போர்ட்டல் சிரையில் குளுக்கோஸ் 10 மில்லிமோலைத் தொடும்போது வேகம் பிடிக்கும். இன்னொரு வேறுபாடும் உண்டு. பாஸ்பேட் மாட்டிய குளுக்கோஸ் குவிந்தால் ஹெக்ஸோகைனேஸ் தானாக நின்றுவிடும், குளுக்கோகைனேஸ் நிற்காது.

"அப்போ கல்லீரல் நொதி மட்டமானது இல்லையா மேடம்?" என்று கேட்டார். அந்த மந்தத்தனம்தான் அதன் திறமை. வரத்து குறைவாக இருக்கும்போது கல்லீரல் குளுக்கோஸை எடுக்காமல் மூளைக்கு விட்டுவிடுகிறது, வரத்து அதிகமாக இருக்கும்போது அள்ளிக்கொள்கிறது. சாப்பிட்ட குளுக்கோஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கல்லீரலில் தங்குகிறது.

இன்சுலின்தான் கல்லீரலின் வாசலைத் திறக்கிறது என்று அவர் சொன்னதையும் இங்கே திருத்த வேண்டியிருந்தது. கல்லீரலின் வாசலும் குளூட்-2தான், அது எப்போதும் திறந்தே இருக்கும். இரண்டு பக்கமும் போய்வரலாம். இன்சுலின் அங்கே உள்ளே நடக்கும் வேலைகளை மாற்றுகிறது. குளுக்கோகைனேஸை அதிகமாக உற்பத்தி செய்ய வைக்கிறது, கிளைக்கோஜன் சேர்க்கும் நொதியை முடுக்குகிறது. இன்சுலின் நேரடியாக வாசலைக் கொண்டுவந்து பொருத்துவது தசையிலும் கொழுப்புச் செல்லிலும், குளூட்-4 என்ற வாசல் விஷயத்தில்தான். சர்க்கரை நோயைப் பற்றிப் படிக்கும்போது இந்த வேறுபாடு தெரியாமல் பலரும் தடுமாறுகிறார்கள்.

திரும்பி வர முடியாத 400 கிராம்

கல்லீரலைத் தாண்டியதும் ஒரு மூலக்கூறை வைத்து மட்டும் கதை சொல்ல முடியாது. மூன்றாகப் பிரித்தோம். ஒன்று கல்லீரலிலேயே கிளைக்கோஜனாகத் தங்குகிறது. இரண்டாவது தொடைத் தசைக்குப் போகிறது. மூன்றாவது ஒரு சிவப்பணுவுக்குள் நுழைகிறது.

தசைக்குப் போனதை அவரே சொன்னார். இன்சுலின் வந்ததால் குளூட்-4 செல்லின் சவ்வுக்கு வந்தது, குளுக்கோஸ் நுழைந்தது, ஹெக்ஸோகைனேஸ் பாஸ்பேட்டை மாட்டியது, கிளைக்கோஜன் சங்கிலியில் சேர்ந்தது. சரி, இப்போது மூன்றாவது கேள்வி. இரவு வந்துவிட்டது, வெளியே போக முடியுமா?

சங்கிலியில் இருந்து கழன்றால் அது பாஸ்பேட்டோடுதான் கழலும். பாஸ்பேட் மாட்டிய குளுக்கோஸை எந்தக் குளூட் வாசலும் ஏற்காது. பாஸ்பேட்டைக் கழற்ற குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் என்ற நொதி வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று பழைய தாளைப் பார்க்கச் சொன்னேன். 'செல்' என்று எழுதிய வட்டத்தைப் பார்த்தார். "கல்லீரல்ல இருக்கு, சிறுநீரகத்துல இருக்குன்னு படிச்சேன். தசைன்னு படிச்ச ஞாபகம் இல்லை." கொஞ்சம் விட்டு, "அப்போ 400 கிராம் இருந்தும் ரத்தத்துக்கு நேரா வராதா மேடம்?" என்றார்.

நேராக வராது. கிளைகளை வெட்டும் நொதி மட்டும் கொஞ்சம் தனிக் குளுக்கோஸை விடுவிக்கும், தசையின் ஹெக்ஸோகைனேஸ் அதற்கும் பாஸ்பேட்டை மாட்டிவிடும். தசை தன் கிளைக்கோஜனைத் தானே எரித்துக்கொள்கிறது. வெளியே அனுப்புவது லாக்டேட்டையும், அலனின் என்ற அமினோ அமிலத்தையும்தான். அவற்றைக் கல்லீரல் வாங்கி மறுபடி குளுக்கோஸாக்குகிறது. தேர்வில் கேட்ட கேள்விக்கான பதில் கல்லீரலின் 100 கிராமிலும், அதோடு சேர்ந்து நடக்கும் இந்தப் புதுக் குளுக்கோஸ் தயாரிப்பிலும் இருக்கிறது.

மூன்றாவது மூலக்கூறு குளூட்-1 வழியாகச் சிவப்பணுவுக்குள் போனது. அங்கே மைட்டோகாண்ட்ரியா கிடையாது. அதனால் கிளைக்காலிசிஸின் முடிவில் வரும் பைருவேட்டுக்கு மேலே பாதை இல்லை, லாக்டேட்டாக மாறி வெளியே வருவது தவிர வேறு வழியில்லை. ஒரு குளுக்கோஸுக்கு நிகர லாபம் 2 ஏ.டி.பி. மட்டும். வெளியே வந்த லாக்டேட்டை ரத்தம் கல்லீரலுக்குக் கொண்டுபோகிறது, கல்லீரல் 6 ஏ.டி.பி.க்குச் சமமான ஆற்றலைச் செலவழித்து இரண்டு லாக்டேட்டை ஒரு குளுக்கோஸாகத் திருப்பித் தருகிறது. சிவப்பணு சம்பாதிப்பது இரண்டு, கல்லீரல் செலவழிப்பது ஆறு. கணக்கில் நட்டம்தான், அந்த நட்டத்தைக் கல்லீரல் கொழுப்பை எரித்து ஈடுகட்டுகிறது. இந்தச் சுற்றுக்கு கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியின் பெயர் இருக்கிறது. கிளைக்கோஜன் ஆய்வுக்காக 1947-இல் நோபல் பரிசு பெற்றவர்கள் இவர்கள்.

பதிந்ததா என்று பார்த்தது

கதையைத் திருப்பிச் சொல்ல வைத்தால் அது இன்னொரு மனப்பாடமாகிவிடும். அதனால் பாதையில் ஒரு நொதியை எடுத்துவிட்டு, என்ன ஆகும் என்று கேட்டேன். முதலில் கல்லீரலின் குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் பிறவியிலேயே இல்லாத ஒரு கைக்குழந்தை. வான் கீர்க்கே நோய் என்று பெயர். இதில் இந்த நொதிதான் இல்லை என்று 1952-இல் காட்டியவர்களும் கோரி தம்பதிதான்.

"பால் குடிச்சு மூணு நாலு மணி நேரத்துல சர்க்கரை இறங்கிடும். கிளைக்கோஜன் வெளிய வர முடியாம தேங்கிக் கல்லீரல் வீங்கும்" என்று உடனே சொன்னார். இரண்டும் சரி. ரத்தத்தில் லாக்டேட் எப்படி இருக்கும் என்றதற்கு, குறையும் என்றார். மறுபடி அந்த மூலக்கூறை நிற்க வைத்துப் பார்த்தோம். பாஸ்பேட்டோடு கல்லீரலுக்குள் அடைபட்டிருக்கிறது, வெளியே வழியில்லை. திறந்திருக்கும் ஒரு பெரிய பாதை கிளைக்காலிசிஸ். ஆகவே லாக்டேட் ஏறும். அதோடு, ரத்தத்தில் வரும் லாக்டேட்டைக் கல்லீரல் குளுக்கோஸாக மாற்ற நினைத்தாலும் கடைசிப் படி இதே நொதியில்தான் போய் முட்டுகிறது. கிளைக்கோஜன் வழியும் புதுத் தயாரிப்பு வழியும் ஒரே வாசலில் முடிகின்றன என்பதை அவர் உண்மையாகப் புரிந்துகொண்டது இந்தத் தப்பான பதிலுக்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன்.

இந்தக் குழந்தைகளுக்கு வேகவைக்காத மக்காச்சோள ஸ்டார்ச்சைத் தண்ணீரில் கரைத்துக் குறிப்பிட்ட இடைவெளியில் கொடுப்பது 1980-களில் வந்த சிகிச்சை. ஏன் வேகவைக்கக் கூடாது என்று கேட்டேன். களி கிண்டியதை நினைவுபடுத்திக்கொண்டு, பச்சை ஸ்டார்ச் மெதுவாக வெட்டப்பட்டுக் குடலில் இருந்து பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸ் வரும் என்று சொல்லிவிட்டார்.

தசையில் கிளைக்கோஜனை உடைக்கும் பாஸ்பாரிலேஸ் இல்லாத மெக்கார்டில் நோயை அவர் தடங்கல் இல்லாமல் சொன்னார். பட்டினியில் சர்க்கரை இறங்காது, ஏனென்றால் அது கல்லீரலின் வேலை. வேகமாக வேலை செய்தால் தசை பிடித்துக்கொள்ளும், உழைத்த கையில் லாக்டேட் ஏறாது.

கதை எங்கே நின்றுவிடுகிறது

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு, அதை மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். பைருவேட் இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் கோ-ஏ ஆனபின் 'நம்முடைய மூலக்கூறு' என்று ஒன்றைக் காட்ட முடியாது. சிட்ரிக் அமிலச் சுழற்சியில் ஒரு சுற்றுக்கு இரண்டு கார்பன் உள்ளே வருகிறது, இரண்டு கார்பன்-டை-ஆக்ஸைடு வெளியே போகிறது. உள்ளே வந்த அதே கார்பன்கள்தான் வெளியே போகின்றன என்று கதை நம்ப வைத்துவிடும். முதல் சுற்றில் வெளியேறுபவை ஏற்கெனவே சுழற்சியில் இருந்த ஆக்ஸலோ அசிட்டேட்டின் கார்பன்கள். அசிட்டைல் கோ-ஏ பைருவேட்டாகத் திரும்பாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவேன். கொழுப்பு அமிலம் உடைந்து வருவதும் அசிட்டைல் கோ-ஏதான், அதனால் அதில் இருந்து நம் உடம்பு நிகரமாகக் குளுக்கோஸ் தயாரிக்க முடிவதில்லை.

இன்னொன்று, மூலக்கூறு எங்கே போவது என்று முடிவெடுப்பதில்லை. கதையில் அது நடந்துபோவது போலத் தோன்றும். உண்மையில் ஒரே நேரத்தில் கோடானுகோடி மூலக்கூறுகள் எல்லாக் கிளைகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஹார்மோன் மாற்றுவது எந்தக் கிளையில் எவ்வளவு ஓடுகிறது என்ற விகிதத்தைத்தான்.

ஆய்வகத்தில்

சில மாதம் கழித்து அதே மாணவி ஓர் ஆய்வகத்தில் பயிற்சியில் இருந்தபோது, சித்தேரி மலைப் பக்கம் நடந்த முகாமில் இருந்து ரத்த மாதிரிகள் வந்தன. ஒரு பெண்ணின் வெறும் வயிற்றுச் சர்க்கரை 62 மி.கி./டெ.லி. என்று காட்டியது. முகாம் குறிப்பில் மயக்கமோ வியர்வையோ இருந்ததாக எதுவும் இல்லை, சர்க்கரை மாத்திரையும் அவர் எடுப்பதில்லை. மாணவி குழாயைப் பார்த்தார். சிவப்பு மூடி, அதாவது குளுக்கோஸ் குறைவதைத் தடுக்கும் பொருள் எதுவும் சேர்க்காத குழாய். சீரத்தைப் பிரிக்காமல் ரத்தக் கட்டியின் மேலேயே விட்டு, எடுத்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

சிவப்பணு குழாய்க்குள் போனாலும் சாப்பிடுவதை நிறுத்தாது. அதற்கு இன்சுலின் வேண்டாம், ஆக்ஸிஜன் வேண்டாம். ஹெக்ஸோகைனேஸ் எவ்வளவு குறைந்த குளுக்கோஸிலும் ஓடும். அறை வெப்பத்தில் பிரிக்காத ரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸ் குறையும். மணிக்கு 6 சதவீதம் என்று வைத்து அவர் பின்னோக்கிக் கணக்குப் போட்டிருந்தார். ஐந்து மணி நேரத்துக்கு முன் அது சுமார் 85 ஆக இருந்திருக்க வேண்டும். அந்த 62-ஐ அறிக்கையில் ஏற்றாமல், மறுபடி மாதிரி எடுக்கச் சொல்லிப் பொறுப்பாளரிடம் கேட்டிருக்கிறார். அடுத்து சாம்பல் மூடிக் குழாயில் எடுத்து, சீக்கிரமே பிளாஸ்மாவைப் பிரித்துப் பார்த்தபோது 86 வந்தது.

என்னிடம் இதைச் சொல்ல வந்தபோது அவரிடம் ஒரு கேள்வியும் இருந்தது. சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் சோடியம் ஃப்ளூரைடு ஈனோலேஸைத் தடுக்கிறது, அது கிளைக்காலிசிஸின் ஒன்பதாவது படி. ஹெக்ஸோகைனேஸ் முதல் படி. அப்படியானால் ஃப்ளூரைடு கலந்த பிறகும் கொஞ்ச நேரம் மேல்படிகள் ஓடிக்கொண்டுதானே இருக்கும் என்று கேட்டார். ஆமாம். கையிருப்பில் உள்ள ஏ.டி.பி. தீரும் வரை குளுக்கோஸுக்குப் பாஸ்பேட் மாட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். அதனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சாம்பல் மூடிக் குழாயிலும் சர்க்கரை இறங்கும், அதற்குப் பிறகுதான் நிலைக்கும். மலையில் எடுத்த மாதிரியை ஐஸ் பெட்டியில் வைப்பதும், முடிந்தால் முகாமிலேயே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து அனுப்புவதும் அந்த இடைவெளிக்காகத்தான்.